அலமாரி இணைப்புத் தாளின் படம் கைபேசியில் வந்தால்: எண்களையும் அம்புக்குறிகளையும் வாசித்து அடுத்த படியைச் சொல்லும் முறை

சரவணம்பட்டிப் பக்கம் புதிய அடுக்ககங்களில் அலமாரிகளைப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். அதனால் கோபியிலும் பெருந்துறையிலும் காங்கேயத்திலும் இருக்கும் உறவினர்கள், பெட்டியில் பிரித்து வந்த அலமாரியைத் தாங்களே பூட்டத் தொடங்கினால், பாதியில் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள். படத்தோடு பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் வரும்: "அடுத்து என்ன பண்றதுங்க?" அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு சரியான பதிலை எப்படிச் சொல்வது என்பதை, அண்மையில் அண்ணன் மகள் கோபியிலிருந்து அனுப்பிய ஒரு புத்தக அலமாரியின் படத்தைக் கொண்டே விளக்குகிறேன். படம் பெறுபவருக்காகவே இதை எழுதினாலும், தாளை எதிரில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பவரும் இதே வரிசையில் வாசிக்கலாம்.

முதலில், படம் வாசிக்கத் தகுந்ததா?

பெரும்பாலோர் தங்களுக்குப் புரியாத பகுதியை மட்டும் நெருக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஆனால் அடுத்த படியைச் சொல்வதற்குத் தேவையான செய்திகள் அந்தப் பகுதிக்கு வெளியேதான் இருக்கின்றன: படியின் எண் மேல் மூலையிலும், அந்தப் படியில் செலவாகும் ஆணிகளின் எண்ணிக்கை ஓரத்துக் கட்டத்திலும், நுணுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வட்டம் கீழ் மூலையிலும் இருக்கும். ஆகவே நான்கு மூலைகளும் தெரியும்படி, தாளைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து, விளக்கின் ஒளி பட்டுப் பளபளக்காதவாறு எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிச் சின்ன எண்கள் கலங்கிவிடும் என்பதால், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்வது நல்லது.

தாள் தலைகீழாக இருக்கிறதா என்பதையும் உடனே பார்க்க வேண்டும். இந்தத் தாள்களில் சொற்கள் மிகக் குறைவு. படமும் எந்தக் கோணத்திலும் ஓரளவு பொருள் தருவதுபோலவே தோன்றும். தலைகீழ்த் தாளில் 6 என்பது 9 ஆகிவிடும். கோபியிலிருந்து வந்த அலமாரியில் 6 என்பது முன்பக்கத்து அடிப்பட்டை, 9 என்பது பின்பக்கத்து அடிப்பட்டை. இரண்டும் ஒரே நீளம். சில நிறுவனங்கள் இந்த எண்களின் அடியில் கோடு இடுகின்றன, பல நிறுவனங்கள் இடுவதில்லை. படியின் எண்ணோ பக்க எண்ணோ நேராக நிற்கும் திசைதான் தாளின் சரியான திசை.

இதனோடு இன்னொரு படத்தையும் கேட்டு வாங்க வேண்டும்: இதுவரை பூட்டிய அலமாரி இப்போது தரையில் எப்படி இருக்கிறதோ அந்த நிலையில் ஒரு படம். தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். உண்மையில் எப்படி இருக்கிறது என்பதை இந்த இரண்டாவது படம்தான் சொல்லும். இது வராமல் நான் பதில் சொல்வதில்லை.

பலகையின் எண்ணை நம்புவதற்கு முன் துளைகளைப் பார்க்கவும்

தாளின் முதற்பக்கத்தில் எல்லாப் பலகைகளும் எண்களோடும், எல்லாச் சிறு உறுப்புகளும் எழுத்துகளோடும் பட்டியலிடப்பட்டிருக்கும். சில தாள்களில் இது மாறியிருக்கும். நாம் பார்க்கும் அலமாரியில் 1, 2 இடது வலது பக்கப் பலகைகள், 3 மேற்பலகை, 4 அடிப்பலகை, 5 நடுவில் நிலையாகப் பூட்டப்படும் தட்டு, 6, 9 அடிப்பட்டைகள், 7 இடம் மாற்றிக்கொள்ளக்கூடிய தட்டுகள், 8 பின்புறத்து மெல்லிய தகடு. உறுப்புகளில் ஏ என்பது மரக்குச்சி, பி என்பது தலையுள்ள திருகாணி, சி என்பது அந்தத் தலையைக் கவ்விப் பிடிக்கும் வட்டப் பூட்டு. பி, சி இரண்டையும் சேர்த்துத்தான் எங்கள் தொழிலில் மினிபிக்ஸ் என்கிறோம்.

பலகையின் மேல் ஒட்டியிருக்கும் எண் வில்லை சில நேரம் உரிந்து விழுந்துவிடும். சில நேரம் தொழிற்சாலையிலேயே மாறி ஒட்டப்பட்டிருக்கும். பல நேரம் பூட்டுகிறவர் அழகுக்காக முதலிலேயே உரித்துவிடுவார். ஆனால் துளை மாறாது. ஒரு பலகையை உறுதியாக அடையாளம் காண மூன்றைப் பார்த்தால் போதும். எந்த முகத்தில் எத்தனை பெரிய துளைகள், எத்தனை சிறிய துளைகள் என்பது ஒன்று. பூட்டு உட்காரும் துளை பொதுவாக 15 மில்லிமீட்டர் விட்டம் கொண்டு பலகையின் பாதி ஆழத்துக்கும் மேல் இறங்கியிருக்கும்; மரக்குச்சிக்கான துளை பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். இவை இரண்டும் படத்தில் அளவு வேறுபட்ட வட்டங்களாகவே வரையப்பட்டிருக்கும். இரண்டாவது, எந்த விளிம்பில் எட்ஜ் பேண்ட் என்னும் மெல்லிய நாடா ஒட்டியிருக்கிறது, எந்த விளிம்பு மரத்தூள் தெரிய வெறுமையாக இருக்கிறது என்பது. நல்ல தாள்களில் வெறும் விளிம்பைப் புள்ளிகளாலோ சாம்பல் நிறத்தாலோ நிரப்பியிருப்பார்கள். எட்ஜ் பேண்ட் உள்ள விளிம்பு பெரும்பாலும் அறையைப் பார்க்கும். மூன்றாவது, காடி. பின் தகடு செருகுவதற்காகப் பலகையின் நீளத்துக்குக் கீறியிருக்கும் அந்த ஒடுங்கிய பள்ளம், படத்தில் விளிம்புக்கு அருகே ஓடும் நெருக்கமான இரட்டைக் கோடாகத் தெரியும். கலங்கிய படத்தில் எளிதில் கண்ணுக்குத் தப்புவது இந்த இரட்டைக் கோடுதான், அதனால் பெரிதாக்கித் தேடிப் பார்க்கவும்.

நம் அலமாரியில் 4 என்ற அடிப்பலகையும் 5 என்ற நடுத்தட்டும் ஒரே நீளம். இரண்டின் முனைகளிலும் துளைகள் ஒரே இடத்தில்தான் உள்ளன, ஆகவே எதை எங்கே வைத்தாலும் பூட்டு பிடித்துக்கொள்ளும். ஆனால் 4 முழு அகலம் கொண்டது, அதில் பின் விளிம்பை ஒட்டிக் காடி உண்டு. 5 ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலம் குறைந்தது, அதில் காடி இல்லை. பின் தகடு நடுத்தட்டின் பின்னால் இறங்கிச் சென்று அடிப்பலகையின் காடியில் உட்கார வேண்டும் என்பதற்காகவே இந்த வேறுபாடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்புக்குறிகளின் வகைகள்

ஒரு படிக்கான படத்தில் உள்ள எல்லாவற்றையும் இப்போது செய்ய வேண்டும் என்று நினைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். படத்தின் பெரும்பகுதி முந்தைய படிகளில் முடிந்துபோன வேலை. அதிலிருந்து விலகி அந்தரத்தில் நிற்பவை, அம்புக்குறி தொட்டுக்கொண்டிருப்பவை, எண் குறிக்கப்பட்டவை ஆகியவை மட்டுமே இந்தப் படிக்குரியவை. ஏற்கெனவே பூட்டிய பலகைகளுக்குப் பெரும்பாலான தாள்களில் மறுபடியும் எண் இடுவதில்லை.

நேரான அம்பு ஒரு பொருள் நகரும் திசையைக் காட்டும். அதன் பின்னால் விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடு, பொருளின் எந்த இடம் எந்தத் துளையில் போய்ச் சேர வேண்டும் என்பதைக் காட்டும். இரண்டும் ஒன்றல்ல. அம்பு கீழ்நோக்கி இருப்பதைப் பார்த்துவிட்டுப் பலகையைக் கீழே இறக்கினால் போதாது; புள்ளிக்கோட்டை விரலால் தொடர்ந்து போய், அது முடிகிற துளை எது என்று பார்த்தால்தான் பலகையின் முன் விளிம்பு எந்தப் பக்கம் என்பது உறுதியாகும்.

வளைந்த அம்பு சிறியதாக இருந்து ஒரு திருகின் தலைமேல் இருந்தால், அந்தத் திருகை அந்தத் திசையில் திருப்ப வேண்டும். அதே வளைந்த அம்பு பெரியதாக இருந்து, முழு அலமாரியின் பக்கத்திலோ இரண்டு சிறு படங்களின் நடுவிலோ இருந்தால், அலமாரியையே புரட்ட வேண்டும். பெரிய வளைவு அம்பைக் கவனிக்காமல் அடுத்த படத்துக்குப் போனவருக்கு இடமும் வலமும் மாறிவிடும்: முன்பக்கமிருந்து பார்த்தபோது இடப்பக்கம் இருந்த 1 என்ற பலகை, பின்பக்கமிருந்து வரைந்த படத்தில் வலப்பக்கம் இருக்கும்.

அம்புக்குப் பக்கத்தில் சிறு வட்டத்துக்குள் 1, 2 என்று இருந்தால், அவை பலகையின் எண்கள் அல்ல; அந்த ஒரே படிக்குள் எது முதலில், எது பிறகு என்ற வரிசை. பலகையின் எண்ணை ஒரு மெல்லிய கோடு பலகையோடு இணைக்கும், வரிசை எண் அம்போடு ஒட்டி நிற்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்காத தாள்களே அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

பெரிதாக்கிக் காட்டும் வட்டத்தைப் பற்றி ஒரு சொல். அது எப்போதும் பெரிய படத்தின் அதே கோணத்தில் வரையப்படுவதில்லை. பெரிய படம் பின்பக்கமிருந்தும் வட்டம் உட்பக்கமிருந்தும் இருக்கலாம். வட்டத்தில் எட்ஜ் பேண்ட் உள்ள விளிம்பு எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தால் நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பது புரிந்துவிடும்.

கோபியிலிருந்து வந்த ஆறாவது படி

"சித்தப்பா, அஞ்சு வரைக்கும் முடிச்சுட்டேனுங்க. ஆறுல ரெண்டு அம்பு இருக்குது. மேல் பலகையைப் போட்டு முடுக்கிடலாமுங்களா?" என்று கேட்டு அண்ணன் மகள் அனுப்பிய படத்தில், அலமாரி நிமிர்ந்து நின்றது. 8 என்ற தகடு அதற்கு மேலே அந்தரத்தில், கீழ்நோக்கிய அம்போடு இருந்தது. அதற்கும் மேலே 3 என்ற பலகை, அதுவும் கீழ்நோக்கிய அம்போடு. ஓரத்துக் கட்டத்தில் ஏ, பி, சி மூன்றுக்கும் நான்கு நான்கு என்று எண்ணிக்கை. கீழ் மூலையில் வட்டம். அதில் பூட்டின் தலையும் வலஞ்சுழியாக ஒரு சிறு அம்பும். இரண்டு மனித உருவங்களும் வரையப்பட்டிருந்தன, அதாவது இதை இருவர் சேர்ந்து செய்ய வேண்டும்.

அவள் இந்தப் படத்தை வாசித்த விதம் இயல்பானதுதான்: மேற்பலகை கண்ணில் பெரிதாகத் தெரிகிறது, வட்டமும் மேற்பலகையைப் பூட்டுவதைப் பற்றியது, ஆகவே அதுதான் வேலை என்று தோன்றும். ஆனால் தகட்டின் அம்பில் சிறு வட்டத்துக்குள் 1 என்றும், மேற்பலகையின் அம்பில் 2 என்றும் இருந்தன. தகடு மேலிருந்து காடியில் இறங்க வேண்டியது. மேற்பலகையை முதலில் பூட்டிவிட்டால் தகடு நுழைய வழியே இல்லை, பூட்டிய நான்கையும் மறுபடி அவிழ்க்க வேண்டும்.

அதனால் நான் சொன்ன முதல் வேலை ஒன்றே ஒன்று: "அம்மிணி, மேல் பலகையை எடுத்து ஓரமா வெச்சுட்டு, எட்டாம் நம்பர் தகட்டை மட்டும் மேல இருந்து காடியில விட்டுப் பாரு. எங்க போய் நிக்குதுன்னு சொல்லு." ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லி, அது முடிந்த அடையாளத்தைக் கேட்டு வாங்குவதுதான் தொலைவிலிருந்து வழிகாட்டுவதற்கு ஏற்ற முறை. மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால், எதில் தவறு நேர்ந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

தகட்டில் ஒரு முகம் மரநிறமோ வெள்ளையோ பூசப்பட்டு வழுவழுப்பாகவும், மற்ற முகம் பழுப்பாகவும் இருக்கும். படம் பின்பக்கமிருந்து வரையப்பட்டது. நம்மைப் பார்க்கும் முகம் சாம்பல் நிறத்தில் நிழலிடப்பட்டிருந்தது. ஆகவே பழுப்பு முகம் பின்னால் வர வேண்டும். படம் பின்பக்கத்திலிருந்து என்பது எப்படித் தெரிந்தது என்றால், பக்கப் பலகைகளில் நமக்கு அருகில் இருந்த விளிம்பில் வெறும் விளிம்பைக் குறிக்கும் புள்ளிகள் இருந்தன, காடியின் இரட்டைக் கோடும் அதை ஒட்டியே ஓடியது.

அவளுடைய பதில் சிறிது நேரத்தில் வந்தது: தகடு பாதி வரை இறங்கி நின்றுவிட்டது, அதற்கு மேல் தட்டியும் இறங்கவில்லை.

பாதியில் நிற்பதற்குக் காரணங்கள் அதிகம் இல்லை. காடியில் மரத்தூள் அடைத்திருந்தால் தகடு எந்த உயரத்திலும் நிற்கலாம், சற்று மேலே தூக்கினால் தளரும். பழைய அட்டை ஒன்றின் முனையைக் காடியில் ஓட்டினால் தூள் வந்துவிடும். அலமாரி சதுரமாக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தகடு கோணலாக இறங்கி, ஒரு மூலை முன்னதாகவும் மறு மூலை பின்னதாகவும் இறுகும். மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளந்தால் வேறுபாடு தெரியும், நீளமான மூலைவிட்டத்தின் முனையைச் சற்று அழுத்தினால் நேராகிவிடும். ஆனால் தகடு இரு பக்கமும் சமமாக இறங்கி, நடுத்தட்டின் உயரத்தில் கெட்டியாக நின்றால், அது வேறு. அங்கே தகட்டின் பாதையில் ஏதோ ஒரு பலகை குறுக்கே இருக்கிறது.

அலமாரியின் பின்பக்கப் படத்தைக் கேட்டேன். அதில் நடுத்தட்டின் பின் விளிம்பு, பக்கப் பலகைகளின் பின் விளிம்போடு சமமாக இருந்தது. அடியில் இருந்த பலகையோ இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. இரண்டாவது படியில் 4, 5 பலகைகள் இடம் மாறிவிட்டன. முன்பக்கமிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது, அதனால்தான் மூன்று, நான்கு, ஐந்து படிகள் தடையின்றி நடந்தன. தாளின் ஆறாவது படியில் தெரிந்த சிக்கலுக்கான விடை இரண்டாவது படியில் இருந்தது. அடுத்து என்ன என்ற கேள்விக்கு, பின்னால் போய்த் திருத்து என்பதுதான் சரியான பதிலாக இருக்கும் வேளைகள் இத்தொழிலில் குறைவில்லை.

திருத்துவதும் மேலே செல்வதும்

திருத்துவதற்கு அலமாரியை முழுவதும் பிரிக்கத் தேவையில்லை. தகட்டை மேலே உருவி எடுத்துவிட்டு, இருவராகப் பிடித்து, பலகை கீறாதவாறு தரையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்து, 1 என்ற பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைக்க வேண்டும். மேலே வரும் 2 என்ற பலகையைப் பிடித்திருக்கும் பூட்டுகளை மட்டும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் இடஞ்சுழியாக அரைச்சுற்று திருப்பினால், 2 நேராக மேலே கழன்று வரும். அசைத்து ஆட்டி இழுத்தால் மரக்குச்சிகள் துளைகளின் வாயைப் பெயர்த்துவிடும்; இவை மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள், ஒருமுறை பெயர்ந்தால் திருகு பிடிக்காது. பிறகு 4, 5 இரண்டையும் 1 இலிருந்து அதே முறையில் கழற்றி இடம் மாற்றி, காடி உள்ள 4 அடியில், காடி பின்பக்கமாகவும் மேல்நோக்கியும் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே 2 ஐ மறுபடி இறக்க வேண்டும்.

இப்போது பூட்டின் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் வட்டத்துக்குள் வரைந்திருக்கும் சின்ன அம்பைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். பூட்டின் தலையில் திருகு வெட்டோடு ஒரு சிறு அம்பு அல்லது முக்கோணம் அச்சிடப்பட்டிருக்கும். தாளில் உள்ள அம்பு திருப்பும் திசையைக் காட்டுவது. பூட்டின் மேல் உள்ள இந்த அம்பு, அதன் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைக் காட்டுவது. பூட்டைத் துளையில் வைக்கும்போதே அந்த அம்பு பலகையின் விளிம்புத் துளையை, அதாவது திருகாணியின் தலை வரப்போகும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மேற்பலகையைப் பொறுத்தவரை, 1, 2 பலகைகளின் உள்முகத்தில் மேல் முனைக்கு அருகே வைக்கும் நான்கு பூட்டுகளின் அம்பும் மேல்நோக்கி நிற்க வேண்டும்.

நான்கு திருகாணிகள் 3 இன் அடிமுகத்தில் ஏறும். அவற்றில் ஒரு சிறு கழுத்து உண்டு. அந்தக் கழுத்து பலகையின் முகத்தைத் தொடும்வரை கையால் முடுக்கி அங்கேயே நிறுத்த வேண்டும். கழுத்து வெளியே நின்றால் பூட்டு இறுகிய பிறகும் இரண்டு பலகைகளுக்கு இடையே கீற்று தெரியும். கழுத்தைத் தாண்டி முடுக்கினால் தலை எட்டாமல் பூட்டு வெறுமனே சுற்றும். மின்சார டிரில்லை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. நான்கு மரக்குச்சிகள் அவற்றுக்குப் பக்கத்துத் துளைகளில் போகும். ஓரத்துக் கட்டத்தில் சொன்ன எண்ணிக்கையில் நான்கு நான்காக எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு தொடங்கினால், முடிவில் ஒன்று மிஞ்சும்போது எங்கே விட்டுப்போனது என்று உடனே தேடலாம்.

தகடு இம்முறை அடிவரை இறங்கி, அதன் மேல் விளிம்பு பக்கப் பலகைகளின் முனைக்குச் சற்று மேலே நின்றது. மேற்பலகையின் அடியில் உள்ள காடியில் நுழைவதற்காகவே அந்தச் சிறு மிச்சம். எனவே 3 ஐ இறக்கும்போது காடி பின்பக்கம், எட்ஜ் பேண்ட் முன்பக்கம் என்று பார்த்து, முதலில் தகட்டின் விளிம்பைக் காடியில் சேர்த்து, பிறகு திருகாணிகளின் தலைகளை நான்கு துளைகளிலும் ஒரே நேரத்தில் இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி இடைவெளி இல்லாமல் செய்ய வேண்டும். அதன் பிறகே பூட்டைத் திருப்ப வேண்டும். முன்பக்கம் வந்து, அலமாரிக்குள் கையை விட்டு, வலஞ்சுழியாக அரைச்சுற்றுக்குச் சற்று மேல் திருப்பினால் கை உணரும்படி இறுகும். ஒரு முழுச்சுற்று சுற்றியும் இறுகாவிட்டால், திருகாணியின் தலை பூட்டின் வாய்க்குள் வரவில்லை என்று பொருள். அதை மேலும் சுற்றாமல், அம்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மேற்பலகையை மீண்டும் அழுத்திவிட்டுத் திருப்ப வேண்டும். நான்கையும் முதலில் லேசாகப் பிடிக்கவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்குவது நல்லது. ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் எதிர்மூலை தூக்கிக்கொள்ளும்.

ஒரு படத்தால் சொல்ல முடியாத சிலவும் உண்டு. திருகாணியின் கழுத்து பலகையைத் தொட்டதா, துளையின் வாய் உள்ளே பெயர்ந்திருக்கிறதா, பூட்டு இறுகியதா என்பதெல்லாம் அங்கே இருப்பவரின் கைக்கே தெரியும். அவற்றை நாம் ஊகிக்காமல் கேட்க வேண்டும். அண்ணன் மகளிடம் நான் கேட்டவை இரண்டு: மேற்பலகைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிறதா, பின்னால் நின்று பார்த்தால் தகட்டின் ஓரத்தில் எங்காவது வெளிச்சம் தெரிகிறதா. இரண்டுக்கும் "இல்லீங்க சித்தப்பா" என்று பதில் வந்த பிறகு, ஏழாவது படியின் முழுத் தாளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.